‘நீதான் ஆளு’: எண்ணிப் பார்த்து ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தைச் சண்டையில்லாமல் நடத்துவது எப்படி

ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து ஆடும்போது ஆட்டம் பாதியில் கலைவது களைப்பால் அல்ல. யார் முதலில் பிடிப்பது, தொட்டதா தொடவில்லையா, கோட்டைத் தாண்டினானா, டைம் சொன்னது செல்லுமா, தன் முறை வந்ததும் ‘நான் வரலை’ என்று விலகலாமா. இந்த ஐந்தில் ஒன்றில்தான் ஆட்டம் நிற்கும். ஆளைத் தேர்ந்தெடுக்க எண்ணிப் பாடும் பாட்டு இதில் முதல் சண்டையைத் தீர்க்கும். மற்ற நான்குக்கும் விதி வேண்டும்.

கீழே உள்ள விதிகள் எல்லாம் ஒரே யோசனையில் அமைந்தவை. ஓடுகிற ஆட்டத்தில் நடுவர் எதையும் சரியாகப் பார்க்க முடியாது. அதனால் யார் உண்மை சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். பொய் சொன்னாலும் பெரிதாக லாபமில்லாதபடி விதியை அமைத்துவிட்டால் போதும்.

1. ஆடத் தொடங்கும் முன்

ஆறு முதல் பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஆட்டம் நன்றாக ஓடும். நான்கு பேர் என்றால் துரத்துகிறவருக்கு ஓய்வே கிடைக்காது. பத்துக்கு மேல் போனால் பின்னால் நிற்பவர்கள் ஆட்டத்தில் இருக்கிறோமா இல்லையா என்றே தெரியாமல் மண்ணைக் கிளற ஆரம்பிப்பார்கள். அப்போது இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள்.

ஏறக்குறைய 12 மீட்டருக்கு 12 மீட்டர் இடம் போதும். பெரிய மைதானம் முழுவதையும் விட்டுவிட்டால் வேகமாக ஓடும் பிள்ளையைக் கடைசி வரை யாராலும் தொட முடியாது. துரத்துகிற பிள்ளை சலித்துப்போய் உட்கார்ந்துவிடும்.

எல்லைக்கோட்டைச் சாக்பீஸால் போடலாம், குச்சியால் கீறலாம், நான்கு மூலையில் நான்கு பை வைக்கலாம். ஆனால் சுவரை எல்லையாக வைக்காதீர்கள். இந்த வயதில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஓடுவார்கள். சுவர் எல்லையாக இருந்தால் அதில் கையை ஊன்றித்தான் நிற்பார்கள், மணிக்கட்டில் அடிபடும். சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது உள்ளே தள்ளிக் கோடு போடுங்கள்.

கோடு போட்டதும் எல்லோரையும் ஒரு சுற்று அதன்மேல் நடக்க வையுங்கள். ‘அங்கே கோடு இருந்ததே தெரியாது’ என்ற பேச்சு அதோடு ஒழியும்.

2. பாட்டைச் சொல்லிக்கொடுப்பது

எந்தப் பாட்டானாலும் சரி, ஒரு சொல்லுக்கு ஒரு விரல்தொடல் என்று பிசகாமல் பிரிய வேண்டும். நான் பிள்ளைகளுக்காகக் கட்டிய இந்தப் பாட்டில் வரிக்கு நான்கு சொல், மொத்தம் 16.

கட்டம் வட்டம் கல்லு மண்ணு
காத்து வந்தா கதவு சாத்து
எட்டு வச்சு ஓடும் காலு
இந்தா நீதான் பிடிக்கும் ஆளு

கடைசிச் சொல்லான ‘ஆளு’ யார்மேல் விழுகிறதோ அவர்தான் முதலில் துரத்த வேண்டும். இனி அவரை ஆள் என்றே சொல்கிறேன்.

முதலில் விரல் நீட்டாமல், கை தட்டிக்கொண்டு இரண்டு முறை எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும். ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு. தட்டு பழகிய பிறகுதான் விரல். இந்த வரிசை முக்கியம். புதிதாக நடத்துகிறவர்கள் பாட்டையும் விரலையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது பிள்ளையின் வாய் ஒரு வேகத்தில் போகும், விரல் வேறு வேகத்தில் போகும். பாட்டு முடியும்போது விரல் இரண்டு பேருக்கு நடுவே நிற்கும். பிறகென்ன, அங்கேயே சண்டை.

போங்கு ஆட்டம் பெரும்பாலும் கடைசி வரியில்தான் நடக்கும். ‘பிடிக்கும்’ என்பதைப் ‘பிடிக்… கும்’ என்று இழுத்து இரண்டு விரல்தொடலாக்கினால் ‘ஆளு’ ஒரு இடம் தள்ளிப் போய்விடும். ‘நீதான்’ என்பதை ‘நீ… தான்’ என்று உடைத்தாலும் அதேதான். இதைத் தடுக்க, எண்ணுகிறவர் மட்டும் பாடாமல் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும். கூட்டமாகப் பாடும்போது ஒருவர் மட்டும் இழுக்க முடியாது, இழுத்தால் உடனே மற்றவர்களுக்குக் கேட்டுவிடும்.

3. யாரிடமிருந்து எண்ண ஆரம்பிப்பது

புதிதாக நடத்துகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. பாட்டு எங்கே முடியும் என்பது தலைவிதி இல்லை, எங்கே ஆரம்பித்தோம் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஏழு பேர் வட்டமாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணுகிறவர் தன் இடப்பக்கத்துப் பிள்ளையில் ஆரம்பித்துத் தன்னிடம் வந்து சுற்றை முடிக்கிறார். 16 சொல்லில் இரண்டு முழுச் சுற்றுக்கு 14 போய்விட்டால் மீதம் 2. ஆக ‘ஆளு’ எப்போதும் ஆரம்பித்த இடத்திலிருந்து இரண்டாவது பிள்ளைமேல்தான் விழும். எண்ணுகிறவர் ஏழாவது இடத்தில் இருப்பதால் அவர் மாட்டவே மாட்டார்.

ஐந்து பேர் என்றால் இன்னும் மோசம். 15 போக மீதம் 1, அதாவது யாரிடம் ஆரம்பித்தோமோ அவரேதான் ஆள். பிடிக்காத பிள்ளையிடம் ஆரம்பித்தால் வேலை முடிந்தது. எட்டுப் பேர் என்றால் மீதம் இல்லை, ஆரம்பித்தவருக்கு முந்தியவர், அதாவது எண்ணுகிறவரே மாட்டுவார்.

ஐந்து வயதுப் பிள்ளை இந்தக் கணக்கைப் போடாது. ஆனால் ‘பக்கத்துல ஆரம்பிச்சா நான் வர மாட்டேன்’ என்பது நாலு ஆட்டத்தில் அதற்குப் புரிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளை கணக்கையே பிடித்துவிடும். எப்போதும் ஒரே பிள்ளை ‘நான் எண்றேன், நான் எண்றேன்’ என்று முந்திக்கொண்டு வந்தால், அதற்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எண்ணுகிறவர் ஒருவர், எண் சொல்கிறவர் வேறொருவர். எண் சொல்கிறவர் வட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்க, மற்றவர்கள் இடம் மாறி நிற்க வேண்டும். அவருக்கும் ஒரு இடத்தைக் காலியாக விட்டு வைக்கட்டும். பிறகு அவர் திரும்பிப் பார்க்காமலே ஒன்று முதல் ஏழுக்குள் ஒரு எண் சொல்வார். எண்ணுகிறவரின் இடப்பக்கத்திலிருந்து அத்தனையாவது பிள்ளையிடம் பாட்டு ஆரம்பிக்கும்.

‘நாலு’ என்றால் நான்காவது பிள்ளைமேல் ‘கட்டம்’. அங்கிருந்து 16 சொல் எண்ணிப் பாருங்கள், ‘ஆளு’ ஐந்தாவது பிள்ளைமேல் விழும். எண் சொன்னவருக்கு ஐந்தாவதாக யார் நிற்கிறார் என்று தெரியாது. எண்ணியவருக்கு என்ன எண் வரும் என்று தெரியாது. யார்மேலும் பழி போட முடியாது.

சில பிள்ளைகளுக்கு ‘ஆளு’ விழுந்தவர் விலகிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சுகிறவர் துரத்தும் முறைதான் பிடிக்கும். அது தப்பில்லை. ஆனால் ஏழு பேருக்கு ஆறு முறை பாட வேண்டும், சின்னப் பிள்ளைகள் மூன்றாவது பாட்டிலேயே வட்டத்தை விட்டுப் போய்விடும். தவிர, அதுவும் கணக்குதான். ஏழு பேரில் முதல் இடத்தில் ஆரம்பித்து, விலகியவருக்கு அடுத்தவரிடமிருந்து மறுபடி எண்ணிக்கொண்டே போனால் 2, 6, 7, 5, 1, 4 என்ற வரிசையில் விலகி எப்போதும் மூன்றாவது பிள்ளைதான் மிஞ்சும். இதற்கும் எண் சொல்கிறவர் வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்த முறை வேண்டவே வேண்டாம் என்பேன்.

4. முதலில் மூன்றே விதி

எல்லா விதியையும் ஆட்டத்துக்கு முன்பே ஒப்பிக்கப் பார்க்காதீர்கள். மூன்றுக்கு மேல் சொன்னால் முதலில் சொன்னது மறந்துபோகும். ஆரம்பத்தில் இவை போதும்.

கோடு: இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே போனால் நீ ஆள். கோட்டை மிதித்தால் உள்ளேதான். ‘ஒரு கால் வெளியே போனாலே அவுட்’ என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒரு வாக்குவாதம் வரும். ஒரு கால் சறுக்கியதை யாரும் சரியாகப் பார்க்க முடியாது, இரண்டு காலும் வெளியே போனால் எல்லோருக்கும் தெரியும்.

தொடுதல்: விரித்த உள்ளங்கை, தோளிலிருந்து இடுப்புவரை, முதுகிலோ கையிலோ. தள்ளினாலும் பிடித்து இழுத்தாலும் செல்லாது. சட்டை நுனியைத் தொட்டாலும் செல்லாது. சட்டை செல்லும் என்று விட்டால் தொடுவது இழுப்பதாகிவிடும், அப்புறம் தையல் கிழியும், ஓடுகிற பிள்ளை குப்புற விழும்.

ஐந்து: தொடப்பட்டவர் நின்ற இடத்திலேயே சத்தமாக ஐந்து எண்ணிவிட்டுத்தான் துரத்த வேண்டும். இது இல்லாவிட்டால் தொட்டவரையே அவர் திருப்பித் தொடுவார், அவர் இவரைத் தொடுவார். இரண்டு பேர் மட்டும் ஆடிக்கொண்டிருக்க மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

மீதி விதிகளை அந்தந்தச் சண்டை முதல்முறை வரும்போது சொல்லுங்கள். ஆனால் புது விதி அடுத்த ஆட்டத்திலிருந்துதான் செல்லும். நடந்துகொண்டிருக்கும் சண்டைக்கு நடுவே புது விதி சொன்னால், ஒரு பிள்ளைக்கு எதிராக நீங்கள் தீர்ப்புச் சொன்னதாகவே ஆகும். அந்த நேரத்துச் சண்டையை அடுத்த பகுதியில் வரும் மூன்றடியால் தீர்த்துக்கொள்ளலாம்.

5. ‘தொட்டேன்!’ ‘தொடவே இல்லை!’

மற்ற எல்லாச் சண்டையையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. பெரியவர்கள் வழக்கமாக ‘உண்மையைச் சொல்லு, பட்டுச்சா இல்லையா?’ என்று கேட்பார்கள். அதில் பயனில்லை. வேகமாக ஓடும் பிள்ளைக்கு முதுகில் விரல்நுனி உரசியது நிஜமாகவே தெரியாமல் போகலாம். தொட்டவருக்கோ சட்டை பட்டதும் உடம்பு பட்டதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு பேரும் தங்கள் வரையில் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

விதி இரண்டு பாகம். முதல் பாகம், தொட்ட கணத்திலேயே ஆள் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். பெயர் வரவில்லை என்றால் தொட்டது செல்லாது. ‘அப்பவே தொட்டேன்’ என்று பிறகு வரும் பேச்சு இதோடு நின்றுவிடும். மூன்று பேர் கும்பலாக நிற்கும்போது யாரைத் தொட்டார் என்ற குழப்பமும் இருக்காது.

இரண்டாவது பாகம்தான் மூன்றடி. தொடப்பட்டவர் ‘இல்லை’ என்றால் வாதமே வேண்டாம். இருவரும் அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஓடுகிறவர் தன் கால் அளவில் மூன்று அடி முன்னால் தள்ளி நிற்பார். மற்றவர்கள் சேர்ந்து ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொன்னதும் துரத்தல் அங்கிருந்து தொடரும்.

இது ஏன் வேலை செய்கிறது என்று பாருங்கள். உண்மையிலேயே தொட்டிருந்தால், மூன்றடி தூரத்தில் இருக்கிறவரை இன்னொரு முறை தொடுவது பெரிய காரியமில்லை, ஆளுக்கு நஷ்டம் குறைவு. தொடவில்லை என்றால் ஓடுகிறவருக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. பொய் சொல்லி ‘இல்லை’ என்றவருக்குக் கிடைப்பதும் அந்த மூன்றடி மட்டும்தான்.

ஒரு எல்லை உண்டு. ஒரே பிள்ளை ஒரு ஆட்டத்தில் ஒரு முறைதான் மூன்றடி கேட்கலாம். இரண்டாவது முறை ‘இல்லை’ என்றால் தொட்டது தொட்டதுதான். இது இல்லாவிட்டால் எப்போதும் ‘இல்லை’ என்று சொல்லும் பிள்ளை ஒன்று கட்டாயம் கிளம்பும்.

நடப்பில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஆள் கையை வீசிப் பெயரைக் கத்துகிறார். ஓடிய பிள்ளை நின்று, ‘சட்டைலதான் பட்டுச்சு!’ என்கிறது. ‘இல்ல, முதுகுல!’ இந்த இடத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது ‘மூன்றடி’ என்ற ஒரே சொல். யார் பக்கமும் பார்க்காதீர்கள், காரணம் கேட்காதீர்கள். மற்ற பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள், அவர்களுக்கு ஆட்டம் நின்றதே எரிச்சல். சில ஆட்டங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியிருக்காது.

மூன்றடி எடுக்கும்போது தாண்டிக் குதிக்கிற பிள்ளை இருக்கும். ‘நடக்கிற அடி’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

6. கூடு

தொடக்கூடாத ஒரு இடம் இருந்தால் மெதுவாக ஓடும் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்க முடியும். ஒருவர் நிற்கும் அளவுக்கு ஒரே ஒரு வட்டம், அதுதான் கூடு. இரண்டு மூன்று கூடு வைத்தால் எல்லோரும் கூட்டிலேயே இருப்பார்கள், துரத்த ஆளிருக்காது.

கூட்டை நடுவில் போடுங்கள், மூலையில் வேண்டாம். மூலையில் இருந்தால் ஆள் வழியை மறித்துக்கொண்டு காத்து நிற்பார், உள்ளே இருக்கிற பிள்ளை வெளியே வரவே முடியாது. நடுவில் இருந்தால் நாலா பக்கமும் ஓடலாம். அப்படியும் காத்து நிற்கிற ஆளுக்காக, கூட்டிலிருந்து மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது விதி.

உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம்? ஒரு பாட்டு நேரம். கூட்டில் நிற்கிறவரே பாட்டைச் சத்தமாகப் பாட வேண்டும், ‘ஆளு’ என்றதும் வெளியே வர வேண்டும். பத்து வினாடிக்குள் முடிந்துவிடும், கடிகாரம் தேவையில்லை. இன்னொருவர் உள்ளே வந்தால் முன்பிருந்தவர் உடனே கிளம்ப வேண்டும்.

7. டைம்

செருப்பு வார் அவிழ்ந்தால், விழுந்தால், அடிபட்டால், தண்ணீர் குடிக்க வேண்டுமானால் ‘டைம்’ கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், ஆளின் கை முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதுதான் பிள்ளைகளுக்குச் செருப்பு வார் நினைவுக்கு வரும்.

அதனால் ஆள் ஐந்தடிக்குள் இருந்தால் டைம் செல்லாது. விழுந்ததற்கும் அடிபட்டதற்கும் மட்டும் விலக்கு, அது எப்போதும் செல்லும். விழுந்த பிள்ளையைத் தொடவும் கூடாது. டைம் சொன்னதும் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடைவேளையில் ஒவ்வொருவராக நழுவி எதிர்மூலைக்குப் போயிருப்பார்கள். டைம் கேட்டவரே ‘டைம் விட்டாச்சு’ என்று சொன்ன பிறகுதான் ஆட்டம் தொடரும்.

8. ஒரே பிள்ளை ஆளாகவே இருந்தால்

மெதுவாக ஓடும் பிள்ளை ஆளானால் ஆட்டம் முழுக்க அதுவே துரத்திக்கொண்டிருக்கும். அழுகைக்கு முந்தைய கட்டம் நன்றாகத் தெரியும். ஓட்டம் நடையாகும், ஒரே ஒருவரை மட்டும் விடாமல் துரத்தும், பிறகு கோட்டருகே போய் நிற்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆள் எப்போது வேண்டுமானாலும் ‘துணை’ என்று கேட்கலாம். கேட்டதும் மற்றவர்கள் ஓடிக்கொண்டே பாட்டை மூன்று முறை பாடுவார்கள். அதற்குள் யாரையும் தொட முடியாவிட்டால், தனக்குப் பிடித்த ஒருவரைத் துணை ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். இருவரும் துரத்துவார்கள், யார் தொட்டாலும் இருவருக்கும் விடுதலை. வேகமான பிள்ளையைத்தான் துணையாகக் கூப்பிடும், கூப்பிடப்பட்ட பிள்ளைக்கும் அதில் பெருமைதான். எதிர்க்கிறவர்களை இதுவரை பார்க்கவில்லை.

நாலு வயதுத் தம்பியோ தங்கையோ கூடவே வந்து நின்றால் உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணும் வட்டத்தில் நிற்கலாம், ஓடலாம், தொடப்பட்டாலும் ஆளாக மாட்டார். ஆனால் ‘ஆளு’ அவர்மேல் விழுந்தால் என்ன? அவருக்கு இடப்பக்கம் நிற்பவர் ஆள் என்று பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். விழுந்த பிறகு சொன்னால் அந்த இடப்பக்கத்துப் பிள்ளை ஒத்துக்கொள்ளாது.

9. விலகுவதும் முடிப்பதும்

‘ஆளு’ என்று விழுந்ததும் ‘எனக்கு வயிறு வலிக்குது, போறேன்’ என்ற பேச்சு வரும். உண்மையாகவும் இருக்கலாம், சோதித்துக்கொண்டிருக்க முடியாது. போகட்டும். ஆனால் ஆளாக இருக்கும்போது போனவர் திரும்பி வந்தால், ஆளாகத்தான் உள்ளே வர வேண்டும். நிஜமாகவே வலித்தவருக்கு இது பெரிய விஷயமில்லை. தப்பிக்கப் போனவருக்கு விலகியதில் லாபமில்லை. அவர் போனதும் இடையில் ஆள் யார் என்று மறுபடி பாட்டுப் பாடி எண்ணுங்கள், போனவரைக் கடைசியாகத் தொட்டவரை மீண்டும் ஆளாக்காதீர்கள். அவர் கஷ்டப்பட்டுத் தொட்டதற்கு அது தண்டனையாகிவிடும்.

முடிக்கும் நேரம் வந்தால் ‘போதும், வாங்க’ என்று திடீரென நிறுத்தினால் அப்போது ஆளாக இருக்கிற பிள்ளை தோற்றுப்போனதாக நினைக்கும், வீடு வரை முகம் தூக்கிக்கொண்டு வரும். அதற்குப் பதில் ‘இன்னும் அஞ்சு பாட்டு’ என்று அறிவியுங்கள். ஓடிக்கொண்டே எல்லோரும் பாடட்டும். ஐந்தாவது பாட்டின் ‘ஆளு’வோடு ஆட்டம் முடிந்தது, அப்போது ஆள் யாராக இருந்தாலும் அடுத்த ஆட்டத்துக்கு எண் சொல்கிற உரிமை அவருக்கு. மறுநாள் ஆட்டத்தை நேற்றைய ஆளிடமிருந்து தொடராதீர்கள், வட்டத்திலிருந்தே ஆரம்பியுங்கள். நேற்று கடைசியில் யார் ஆளாக இருந்தார் என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு நினைவு இருக்கும்.